ஆரமும் தொடுகோடும் பெருக்கினால் பரப்பு

ஒரு வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அதிலிருந்து வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் உரசிச் செல்வதுபோல இரண்டு தொடுகோடுகள் வரையலாம். அவை வட்டத்தைத் தொடும் இரண்டு இடங்களையும் மையத்தோடு சேர்த்தால் நான்கு பக்கமுள்ள உருவம் ஒன்று கிடைக்கும். அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமாக இருப்பதால் பள்ளிக் கணக்கில் இதற்குப் பட்டம் என்று பெயர். இரண்டு பக்கங்கள் ஆரங்கள், மற்ற இரண்டு தொடுகோடுகள்.

இதன் பரப்பைக் காண ஆரத்தையும் தொடுகோட்டின் நீளத்தையும் பெருக்கினால் போதும். பாதியாக்க வேண்டியதில்லை, கோணமும் தெரிய வேண்டியதில்லை. தொடுபுள்ளியில் ஆரமும் தொடுகோடும் செங்குத்தாகச் சந்திக்கின்றன. யூக்ளிட் தம் மூன்றாம் புத்தகத்திலேயே இதை நிறுவியிருக்கிறார். மையத்திலிருந்து வெளிப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால் பட்டம் ஒரே அளவுள்ள இரு செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் பரப்பும் ஆரம், தொடுகோடு இவற்றின் பெருக்கலில் பாதி. இரண்டு பாதிகள் சேரும்போது முழுப் பெருக்கலும் வந்துவிடுகிறது.

தேர்வில் தொடுகோட்டின் நீளத்தைப் பெரும்பாலும் நேராகத் தருவதில்லை. ஆரம் 5 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 13 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்பார்கள். இங்கே 13 என்பது கர்ணம். அதன் வர்க்கம் 169-இல் 25-ஐக் கழித்தால் 144. தொடுகோடு 12 செ.மீ. பரப்பு 5 × 12 = 60 ச.செ.மீ. அவசரத்தில் 5-ஐயும் 13-ஐயும் பெருக்கி 65 என்று எழுதுகிறவர்கள் உண்டு. 30 என்று எழுதியவர் ஒரு முக்கோணத்தோடு நின்றுவிட்டார். இன்னொரு சறுக்கலைக் கண்டுபிடிப்பது கடினம்: கேள்வியில் ‘வட்டத்திலிருந்து மிகக் குறைந்த தொலைவு 8 செ.மீ.’ என்று இருந்தால் அது விளிம்பிலிருந்து அளந்தது. ஆரத்தையும் கூட்டிய பிறகுதான் கர்ணம் 13 ஆகும்.

பட்டத்தில் வட்டத்துக்கு வெளியே எஞ்சும் பகுதியை மட்டும் கேட்டால் கோணம் தேவைப்படும். நம் கணக்கில் இரு ஆரங்களுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 134.8 பாகை. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு சுமார் 29.4. மிச்சம் 30.6 ச.செ.மீ.

இந்தச் சிறிய வாய்பாட்டின் உண்மையான பலத்தை முக்கோணத்துக்குள் பார்க்கலாம். பக்கங்கள் 13, 14, 15 கொண்ட முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் மூன்று பக்கங்களையும் தொடும் உள்வட்டத்தை வரைந்து, மையத்திலிருந்து மூன்று தொடுபுள்ளிகளுக்கும் ஆரங்களை இழுங்கள். முக்கோணம் முழுவதும் மூன்று பட்டங்களாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு மூலையும் ஒரு பட்டத்தின் வெளிப்புள்ளி. ஒரு புள்ளியிலிருந்து வரையும் இரு தொடுகோடுகளும் சமம் என்பதால், மூலைகளிலிருந்து தொடுகோடுகள் 6, 7, 8 என அமைகின்றன. இவற்றை இரண்டிரண்டாகக் கூட்டிப் பாருங்கள்: 13, 14, 15 வரும். மூன்றின் கூட்டல் 21, அதாவது சுற்றளவில் பாதி. ஆகவே முக்கோணத்தின் பரப்பு ஆரத்தின் 21 மடங்கு.

ஆரம் எவ்வளவு? 14-ஐ அடிப்பக்கமாக வைத்தால் உயரம் 12, பரப்பு 84. அப்படியானால் ஆரம் 84 ÷ 21 = 4. மூன்று பட்டங்களும் முறையே 24, 28, 32. கூட்டினால் 84 சரியாக வருகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்ததாகக் கருதப்படும் அலெக்சாந்திரியாவின் ஹெரான், மூன்று பக்கங்களைக் கொண்டே முக்கோணத்தின் பரப்பைக் காணும் வாய்பாட்டைத் தம் ‘மெட்ரிகா’ நூலில் நிறுவியபோது இந்த உள்வட்டத்தில்தான் தொடங்கினார். அந்த வாய்பாட்டில் சுற்றளவின் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழிக்கிறோமே, ஏன் என்று பல மாணவர்கள் கேட்காமலே மனப்பாடம் செய்கிறார்கள். 21-இலிருந்து 15, 14, 13-ஐக் கழித்தால் வருவது 6, 7, 8. மூலைகளிலிருந்து வந்த அதே தொடுகோடுகள்! 21 × 6 × 7 × 8 = 7056; அதன் வர்க்கமூலம் 84. வகுப்பில் ஆசிரியர்கள் இந்தப் படத்தை வரைந்துவிட்டு வாய்பாட்டைச் சொன்னால் நல்லது என்பது என் கருத்து.

3, 4, 5 முக்கோணத்தில் நீங்களே செய்து பாருங்கள். உள்வட்டத்தின் ஆரம் 1, தொடுகோடுகள் 1, 2, 3, பட்டங்களின் பரப்புகள் 1, 2, 3. செங்கோண மூலையில் இருக்கும் பட்டம் ஒரு சதுரமாகவே அமைந்திருக்கும்.