எக்ஸ்பைரி 2027-னு போட்டிருக்கே... கலக்கின சிரப் அதுவரை தாங்குமா?

"போன மாசம் வாங்கின சிரப் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. எக்ஸ்பைரி 2027-னு போட்டிருக்கு. குழந்தைக்குத் திரும்ப ஜுரம், கொடுக்கலாமா?" மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக நிற்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கொடுக்கக் கூடாது.

பவுடராக வரும் குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப்புகளில் அதிகம் விற்பவற்றில் ஒன்று அமாக்ஸிசிலின் - கிளாவுலனேட். பாட்டிலில் இருக்கும் எக்ஸ்பைரி, தண்ணீர் படாத பவுடருக்கு மட்டும்தான். கிளாவுலனேட்டுக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் சேர்ந்ததுமே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைய ஆரம்பிக்கும், வெளியே சூட்டில் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் பவுடரை நீங்கள் வெளியே வைக்கலாம், கலக்கியதை மட்டும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் ஃபிரிட்ஜில் வைக்கணும். இங்கே கிடைக்கும் பெரும்பாலான பிராண்டுகளின் லேபிளில் கலக்கிய பிறகு 7 நாள் என்றிருக்கும். உங்கள் பாட்டிலில் வேறு எண் இருந்தால், அதுதான் கணக்கு.

கலக்கும்போது முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்க வெச்சு நல்லா ஆறின தண்ணீரைக் குறிக்குக் கொஞ்சம் கீழே வரை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கினதும் குறி வரை நிரப்பி, திரும்பக் குலுக்குங்கள். சில பேக்கில் தண்ணீரும் கூடவே வரும், அப்போ அதைத்தான் ஊத்தணும். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு வேளை டோஸும் மாறிடும்.

உடனே தேதியை பாட்டிலில் எழுதுங்கள். 4-ம் தேதி ராத்திரி கலக்கினீங்கன்னா, 11-ம் தேதி ராத்திரியோடு அந்த பாட்டிலின் ஆயுள் முடிஞ்சது. டாக்டர் 5 நாள் கொடுக்கச் சொல்லி, 9-ம் தேதியே கோர்ஸ் முடிஞ்சு அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அடுத்த ஜுரத்துக்கு எடுத்து வைக்காதீங்க. அந்த ஜுரம் வைரஸால்கூட வந்திருக்கலாம், அதுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம். திறக்கிறப்ப எல்லாம் அங்கேதான் சூடு ஏறும். நடுத் தட்டுதான் சரி. ஃப்ரீசருக்குள்ளும் வைக்கக் கூடாது.

கெட்டுப்போனதைக் கண்ணால் கண்டுபிடிக்கலாமா? நிறம் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் தூக்கிப் போடுங்கள். ஆனா நிறம் மாறலைன்னா மருந்து நல்லாயிருக்குன்னு அர்த்தமில்லை. ராத்திரி முழுக்கக் கரன்ட் இல்லாம ஃபிரிட்ஜ் ஓடலைன்னா, அந்த மருந்தில் எவ்வளவு வீரியம் மிச்சம் இருக்குன்னு பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. கோர்ஸ் பாதியில் இருந்தால் நீங்களா நிறுத்தாம, டாக்டர்கிட்டயோ வாங்கின கடையிலோ கேட்டுப் புது பாட்டில் வாங்குறதுதான் வழி.

இதெல்லாம் இந்த ஒரு மருந்துக்கு மட்டும்தான். எல்லா சிரப்பையும் ஃபிரிட்ஜில் அடுக்காதீங்க. பாராசிட்டமால் சிரப்புக்கு அது தேவையில்லை. சில ஆன்டிபயாடிக் சிரப்பில் 'ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்' என்றே போட்டிருக்கும். லேபிள் எழுத்து பொடிசா இருந்தா, மொபைலில் போட்டோ எடுத்து ஜூம் பண்ணிப் படிங்க.