எழுத்து மாறினாலும் இடம் மாறாது

டிவியில் படம் ஓடுகிறது, சத்தமும் சரியாக வருகிறது. ஆனால் மெனுவைத் திறந்தால் எல்லாம் அரபியிலோ கொரிய மொழியிலோ இருக்கிறது. குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். காரணம் எளிது. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் மொழிப் பட்டியலில் ஏதாவது ஒரு பெயர் மீது ஓகே பட்டன் பட்டுவிட்டால் போதும். "மாற்றட்டுமா?" என்று கேட்காமலேயே மொத்த மெனுவும் அந்த மொழிக்குப் போய்விடும். பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினாலும் பழைய மொழி திரும்பாது. தேர்ந்தெடுத்த மொழி டிவியின் நினைவகத்தில் பதிந்துவிடுவதால், மின்சாரம் போனாலும் அது அழியாது.

முதலில், மொழி மாறியது எந்தப் பெட்டியில் என்று பார்க்க வேண்டும். டிடிஎச் அல்லது கேபிள் வைத்திருக்கும் வீடுகளில் டிவிக்கு ஒரு மெனு, செட்டாப் பாக்ஸுக்கு இன்னொரு மெனு. ஒன்றின் மொழி மாறினால் மற்றது மாறாது. புரியாத மெனு எந்த ரிமோட்டின் பட்டனுக்குத் திறக்கிறதோ, அந்தப் பெட்டியில்தான் சரிசெய்ய வேண்டும். மெனு ஒழுங்காக இருந்து, சேனலில் பேசுகிற மொழி மட்டும் மாறியிருந்தால் அது ஆடியோ அமைப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாறியது டிவியின் மெனுதான் என்று தெரிந்துவிட்டால், வழி கண்டுபிடிக்க ஓர் உண்மை கைகொடுக்கும். டிவியின் மென்பொருளில் மெனுவின் கட்டமைப்பு ஓரிடத்திலும், அதில் காட்டும் சொற்கள் மொழிவாரியாக வேறிடத்திலும் இருக்கின்றன. மொழியை மாற்றினால் சொற்கள் மட்டுமே மாறும். எந்த வரிக்குக் கீழே எந்த வரி, எதற்குள் எது என்கிற வரிசை பொதுவாக அப்படியேதான் இருக்கும். ஆகவே எழுத்தை வாசிக்க முயல வேண்டாம், இடத்தைப் பார்த்தால் போதும். சின்னப் படங்களும் மாறுவதில்லை. HDMI, USB, Wi-Fi போன்ற பெயர்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே நிற்கும்.

கூகுள் டிவி வகைப் பெட்டி ஒன்று அரபிக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருப்பதிலேயே அதிகம் குழப்புவது இதுதான். அரபி வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், சொற்களோடு சேர்ந்து திரையே இடவலமாகத் திரும்பிவிடுகிறது. முகப்பில் வலது மூலையில் இருந்த பல்சக்கரப் படம் இடது மூலைக்குப் போயிருக்கும். வலப்பக்கம் திறக்கும் செட்டிங்ஸ் பட்டி இடப்பக்கம் திறக்கும். கை பழக்கத்தில் வலது அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வந்துவிடும். அதனால் பக்கவாட்டு அம்புகளைத் தொடாமல் இருப்பது நல்லது. நகர மேல், கீழ் அம்புகள். உள்ளே போக ஓகே. வெளியே வர பேக். பட்டிக்குள் இவை போதும்.

மேலும் கீழும் இடம் மாறுவதில்லை. பட்டியில் விசிறி போல விரிந்திருக்கும் வைஃபை சின்னத்தைத் தேடுங்கள். சந்தேகமாக இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு வைஃபையின் பெயர் நீங்கள் வைத்தபடியே இருக்கும். கூகுள் டிவியில் பொதுவாக அந்த வரிக்குக் கீழே கணக்குகள், தனியுரிமை, ஆப்கள், சிஸ்டம் என்று வரிசை போகும். நாம் போக வேண்டியது நான்காவதாக வரும் சிஸ்டம். அதைத் திறந்தால் மேற்பகுதியில் தேதி, நேரம் என்ற வரியும் அதன் கீழே மொழி என்ற வரியும் இருக்கும்.

எழுத்து தெரியாமல் அந்த வரியை எப்படி அடையாளம் காண்பது? வெளியூரில் இருக்கும் தன் பெரியப்பாவுக்கு ஒரு பெண் போனிலேயே வழி சொன்னதைக் கேட்டேன்.

"ஓகே அழுத்துங்க பெரியப்பா. உள்ளே தேதி, நேரம் மாதிரி ஏதாவது தெரியுதா?"

"எண்ணு மாதிரி இருக்கும்மா. ஆனா அதுவும் அவங்க எழுத்துலதான் இருக்கு."

"பரவாயில்ல. ரெண்டு எண்ணுக்கு நடுவுல மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"அதுதான் மணி. பேக் அழுத்திட்டு ஒரு வரி கீழே போய் ஓகே குடுங்க."

அவர் ஓகே அழுத்தியதும் மொழிப் பட்டியல் திறந்தது. அரபி அமைப்பில் எண்களும் மாறக்கூடும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எண்ணை விட்டுவிட்டு, மணியை எழுதுகிற வடிவத்தைப் பிடித்துக்கொண்டார். சில மாடல்களில் தேதிக்கும் மொழிக்கும் நடுவே டைமர் வரி ஒன்று வரும். அப்போது இன்னும் ஒரு வரி கீழே இறங்க வேண்டும்.

மொழிப் பட்டியலை அடைந்துவிட்டால் கவலை தீர்ந்தது. அங்கே ஒவ்வொரு மொழியின் பெயரும் பெரும்பாலும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். ஆங்கிலம் English என்றும், தமிழ் அந்தப் பெட்டியில் இருந்தால் தமிழ் என்றும் தெரியும். English மீது ஓகே அழுத்தியதும் சில பெட்டிகள் நாட்டையும் கேட்கும். தேர்ந்தெடுத்துவிட்டால் திரை பழைய நிலைக்கு வந்துவிடும்.

தேடும்போது ஓர் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் அழித்துப் புதுப்பெட்டி போல ஆக்கும் ஃபேக்டரி ரீசெட்டும் சிஸ்டம் பகுதிக்குள்தான் எங்கோ இருக்கும். இரண்டு பட்டன்களோடு ஒரு கேள்வி திரையில் வந்தால் ஓகே அழுத்தாமல் பேக் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

வேறு நிறுவனத்தின் டிவி என்றால் வரிசை வேறாக இருக்கும். சாம்சங், எல்ஜி பெட்டிகளில் மொழி வரி பொதுவாக 'ஜெனரல்' என்கிற பகுதிக்கோ 'சிஸ்டம்' பகுதிக்கோ உள்ளே இருக்கும். வரிசை தெரியாதபோது கைபேசி உதவும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் கேமராவைத் திறந்து திரைக்கு நேரே பிடித்தால் சொற்களை மொழிபெயர்த்துக் காட்டும். சில மெனுக்கள் சில நொடிகளில் தானாக மறைந்துவிடுவதால், முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு அதை மொழிபெயர்ப்பது நல்லது. மெனுச் சொற்கள் ஒற்றைச் சொற்களாக இருப்பதால் மொழிபெயர்ப்பு கொஞ்சம் பிசகலாம். ஆனால் மொழி என்ற வரியைக் கண்டுபிடிக்க அது போதும்.

எதுவும் பலிக்காவிட்டால் கடைசி வழி ஃபேக்டரி ரீசெட். புதுப்பெட்டி போலத் தொடங்கும்போது ஆரம்பத்திலேயே மொழியைக் கேட்கும். ஆனால் நீங்கள் நிறுவிய ஆப்கள், லாகின்கள், வைஃபை கடவுச்சொல் எல்லாம் போய்விடும். கடவுச்சொற்களைக் கையில் வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

இவ்வளவு பாடும் தேவையற்றது. கணினியில் திரை அளவை மாற்றினால், "இது சரியா?" என்று விண்டோஸ் கேட்கிறது. 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் தானே பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. திரை தெரியாமல் போனவரால் பதில் சொல்ல முடியாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. மெனுவை வாசிக்க முடியாமல் போனவரின் நிலையும் அதுவே. டிவி நிறுவனங்கள் மொழி மாற்றத்துக்கும் இதே 15 விநாடியைக் கொடுத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் போன் செய்யத் தேவையிருக்காது. அதுவரை, உங்கள் டிவி புரிகிற மொழியில் இருக்கும்போதே செட்டிங்ஸிலிருந்து மொழிப் பட்டியல் வரைக்கும் ஒவ்வொரு திரையையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.