இரண்டு வலிப்புக்கு நடுவே

அந்த ஷிட்ஸு குட்டிக்கு ஏழு மாதம். ஒரே மாதத்தில் மூன்று முறை வலிப்பு வந்திருந்தது. வீட்டார் கைப்பேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். குட்டி பக்கவாட்டில் சரிகிறது, கால்கள் விறைக்கின்றன, பிறகு நீச்சலடிப்பதுபோல் அடித்துக்கொள்கின்றன. வாயில் நுரை; சிறுநீரும் போய்விட்டது. ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஏற்கெனவே ஓரிடத்தில் 'பரம்பரை வலிப்பு' என்று சொல்லி ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை எழுதியிருந்தார்கள். மாத்திரை தொடங்கியதிலிருந்து குட்டி நாள் முழுக்கச் சுருண்டே கிடக்கிறது என்பதுதான் என்னிடம் வந்த புகார்.

அந்த வீடியோவைப் பத்து முறை பார்த்தாலும் காரணம் தெரியாது. மூளையில் கோளாறு எங்கிருந்து தொடங்கினாலும் வலிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் நான் முதலில் கேட்பது வலிப்பில்லாத நாட்களைப் பற்றித்தான்.

இளம் நாய்களின் வலிப்பில் பெரும்பங்கு காரணமறியா வலிப்பு. லாப்ரடார், பீகிள், பார்டர் கோலி போன்ற இனங்களில் இது குடும்பவழி வருவதுண்டு. ஸ்கேனில் மூளை நன்றாகவே தெரியும். ஆனால் சட்டென்று பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்குள் இருக்கிறது. 2015இல் பல நாட்டுக் கால்நடை நரம்பியல் நிபுணர்கள் இதற்கு வரையறை வகுத்தார்கள். வலிப்பு முதலில் வந்தது ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நரம்புப் பரிசோதனை இயல்பாக இருக்க வேண்டும். ரத்தத்திலும் சிறுநீரிலும் வலிப்புக்கான காரணம் எதுவும் தென்படக் கூடாது.

மூளையிலேயே புண்ணோ வீக்கமோ கட்டியோ இருந்தால், பெரும்பாலும் வலிப்பில்லாத நாளிலும் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நாய் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றும். ஒரு கண்ணருகே கையை வீசினால் இமைக்காது. மறு கண்ணில் இமைக்கும். பாதத்தை மடக்கி வைத்தால் திருப்பி வைத்துக்கொள்ளத் தெரியாது. நம் ஊரில் தடுப்பூசி போடாத குட்டிக்குக் கண்ணில் பீளை, இருமல், பேதி என்று வந்து, பிறகு தூக்கத்தில்கூடத் தசை தாளம்போல் துடித்தால், டிஸ்டெம்பர் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. வலிப்பு முடிந்த கையோடு பரிசோதித்தால் நல்ல நாயும் தள்ளாடும், கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும். அது சில மணி நேரம், சிலவற்றில் ஓரிரு நாள்கூட நீடிக்கும். அதைப் பார்த்து மூளைக்கட்டி என்று பயந்துவிடாமல், இரண்டு நாள் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ஷிட்ஸுவிடம் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. வயதும் வரையறைக்குள் வந்தது. "சாப்பிட்டதும் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா கொஞ்சம் யோசித்தார். "கோழி போட்டுச் சாப்பிட்டா ஒரு மணி நேரம் கழிச்சு சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கும் டாக்டர். தூக்கம்னு நெனச்சோம்." உடன்பிறந்த குட்டிகளைவிட இது பாதி எடைதான் என்றும் சொன்னார்.

ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. சின்ன இனக் குட்டிகள் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கியே வலிப்பு வரும் என்பதால் அதைத்தான் முதலில் பார்த்தோம். ஆனால் யூரியாவும் ஆல்புமினும் குறைவு. இரண்டுமே கல்லீரல் செய்பவை. பிறகு வெறும் வயிற்றில் ஒரு முறையும், சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் ரத்தம் எடுத்துப் பித்த அமிலம் பார்த்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு 25 மைக்ரோமோலுக்குள் நிற்க வேண்டிய அளவு 160ஐத் தாண்டியிருந்தது. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல், பிறவியிலேயே அமைந்த ஒரு குறுக்குக் குழாய் வழியாக நேரே உடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கறி செரித்து உண்டாகும் அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளைக்குப் போனதுதான் வலிப்புக்குக் காரணம். அல்ட்ராசவுண்டில் அந்தக் குழாய் தெரிந்தது.

ஃபீனோபார்பிட்டோனைக் கரைக்க வேண்டியது கல்லீரல். அது சரியாக வேலை செய்யாத குட்டிக்கு மருந்து உடலில் தேங்கும். அதனால்தான் அந்த உறக்கம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, கல்லீரலை அதிகம் நம்பாத லெவெடிராசெட்டமுக்கு மாற்றினோம். புரதத்தை அளவாக்கி, லாக்டுலோஸ் சிரப்பும் தொடங்கினோம். பத்து நாளில் சுவரைப் பார்த்து நிற்பது நின்றது. அதன் பிறகே குழாயை மெல்ல மெல்ல அடைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தோம். ஒரேயடியாக அடைத்தால், இத்தனை ரத்தத்தைத் தாங்கிப் பழகாத கல்லீரல் திணறிவிடும்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் எடுக்க முடிவதில்லை. செலவும் அதிகம், மயக்க மருந்தும் வேண்டும். பித்த அமிலப் பரிசோதனைக்கு இரண்டு ஊசிக் குத்துகள் போதும். இளம் நாய்க்கு வலிப்பு என்று வந்தால், ஆயுள் முழுக்க மாத்திரை எழுதுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ நோட்டை எழுதிக்கொண்டிருக்காமல் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.