மார்பு வடிகுழாயும் நீருக்குள் மூழ்கிய முனையும்: பாட்டிலைப் படிக்கும் முறை

நுரையீரலின் மேல் ஒட்டிய சவ்வுக்கும் மார்புச் சுவரின் உட்புறச் சவ்வுக்கும் நடுவில் மிகக் குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. அதற்குப் புளூரா இடைவெளி என்று பெயர். அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 5 செ.மீ. நீர் அளவு குறைவாக இருக்கும். இந்தக் குறைவுதான் நுரையீரலை விரிந்த நிலையில் பிடித்து வைக்கிறது. விபத்தாலோ நோயாலோ காற்றோ, இரத்தமோ, சீழோ அந்த இடத்தில் புகுந்துவிட்டால் நுரையீரல் சுருங்கத் தொடங்கும். புகுந்ததை வெளியேற்றுவதற்காகப் பெரும்பாலும் ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் குழாய் செலுத்தப்படுகிறது. வார்டில் இதை ஐ.சி.டி. என்பார்கள்.

உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும், வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது. இந்த ஒருவழிப் பாதையை உண்டாக்குவது பாட்டிலில் உள்ள நீர். மார்பிலிருந்து வரும் குழாயின் முனை கிருமி நீக்கிய நீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்கியிருக்கும். டம்ளர் தண்ணீரில் வைத்த ஸ்ட்ராவில் ஊதினால் குமிழி வெளியேறும், உறிஞ்சினால் நீர்தான் ஏறும், காற்று ஏறாது. இங்கும் அதுவே நடக்கிறது. பாட்டிலின் மூடியில் இன்னொரு சிறு குழாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். வெளிவந்த காற்று அதன் வழியேதான் தப்ப வேண்டும் என்பதால் அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. சக்‌ஷன் இணைத்திருந்தால், இயந்திரத்தை நிறுத்தும்போது அதன் குழாயையும் கழற்றிவிட வேண்டும். இணைப்பு அப்படியே இருந்தால் காற்று வெளியேறும் வழி அடைபட்டதற்குச் சமம்.

பாட்டில் எப்போதும் நோயாளியின் மார்பு மட்டத்துக்கு நன்றாகக் கீழே, நிமிர்ந்து நிற்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லும்போது வசதிக்காகப் படுக்கையின் மேல் வைத்தால் பாட்டிலில் உள்ளது மார்புக்குள் திரும்பிப் பாயக்கூடும். பாட்டில் சாய்ந்து முனை நீரைவிட்டு வெளியே வந்தால், நோயாளி மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று நேரே உள்ளே போகும்.

கவனிக்க வேண்டியவை மூன்று: குழாயில் நீரின் ஏற்ற இறக்கம், குமிழி, வடிந்த அளவு. இவற்றில் எதையும் தனியாகப் பார்த்து முடிவுக்கு வர முடியாது. ஒரே அடையாளத்துக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள் இருக்கலாம். எது சரி என்பதை நோயாளியின் மூச்சும் நாடியும்தான் காட்டும்.

தானாக மூச்சுவிடும் நோயாளியிடம், மூச்சை இழுக்கும்போது குழாயில் நீர் ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவரிடம் இது தலைகீழாக நடக்கும். ஏற்ற இறக்கம் இருந்தால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். அது நின்றுவிட்டால், நுரையீரல் முழுதும் விரிந்து இடைவெளியை நிரப்பியிருக்கலாம். குழாய் மடங்கியோ இரத்தக் கட்டியால் அடைபட்டோ இருக்கவும் கூடும். சக்‌ஷன் ஓடும்போது ஏற்ற இறக்கம் தெரியாமல் போகலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது. குழாய் போட்ட உடனே குமிழி வருவது எதிர்பார்க்கப்படுவதே. பிறகு இருமும்போது மட்டும் வந்து, மெல்ல நின்றுவிட வேண்டும். நின்ற குமிழி திடீரெனத் தொடர்ச்சியாக வந்தால், கசிவு நுரையீரலிலா குழாய் இணைப்பிலா என்று பார்க்க வேண்டும். மூத்தவர் முன்னிலையில், மார்புக்கு அருகே குழாயைக் கணநேரம் அழுத்திப் பிடித்தால் விடை தெரியும். குமிழி நின்றால் கசிவு நோயாளியின் பக்கம்: நுரையீரலிலோ, குழாய் சற்று வெளியே நழுவிய தையலிடத்திலோ இருக்கும். நிற்காவிட்டால் பாட்டிலுக்கும் பிடித்த இடத்துக்கும் நடுவில் உள்ள இணைப்பு தளர்ந்திருக்கிறது. பார்த்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். குமிழி வரும் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடி வைத்தால், வெளியேற வழியில்லாத காற்று சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கி உயிருக்கு ஆபத்தாகும்.

வடிந்த அளவைக் கணக்கிட, முதலில் ஊற்றிய நீரின் அளவைப் பாட்டிலில் ஒட்டிய பட்டையில் எழுதிவிட வேண்டும். பாட்டிலைத் தூக்காமல், குனிந்து கண் மட்டத்தில் பார்த்து, முதல் அளவைக் கழித்து எழுத வேண்டும். குழாய் போட்டதும் 1,500 மி.லி. இரத்தம் வந்தாலோ, தொடர்ந்து சில மணி நேரம் மணிக்கு 200 மி.லி.க்கு மேல் வந்தாலோ அறுவை சிகிச்சை நிபுணருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நாள்பட்ட நீர்க்கோவையில் கவலை வேறு. ஒரே தடவையில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடியவிட்டால், திடீரென விரியும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். நோயாளி இருமத் தொடங்கினாலோ மார்பு இறுகுவதாகச் சொன்னாலோ வடிவதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும்.

இருசக்கர வாகன விபத்தில் விலா எலும்பு முறிந்து, காற்றும் இரத்தமும் சேர்ந்த ஒரு நோயாளியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலில் 300 மி.லி. நீர் ஊற்றி மதியம் 2 மணிக்குக் குழாய் போடப்படுகிறது. உடனே மட்டம் 800-க்கு ஏறுகிறது, அதாவது 500 மி.லி. இரத்தம். 3 மணிக்கு 920, 4 மணிக்கு 1,000. வேகம் குறைந்து வருகிறது. 5 மணிக்கும் 1,000-தான். எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், இரத்தக் கசிவு நின்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் ஏற்ற இறக்கமும் இல்லை, குமிழியும் இல்லை. நாடி 92-லிருந்து 118 ஆகியிருக்கிறது, ஆக்சிஜன் அளவு 97-லிருந்து 91-க்கு இறங்கியிருக்கிறது. மார்பிலிருந்து பாட்டில் வரை குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனால், திரும்பிப் படுத்த நோயாளியின் இடுப்புக்கு அடியில் அது மடங்கிக் கிடப்பது தெரிகிறது. நிமிர்த்தியதும் 90 மி.லி. வடிகிறது, குமிழி வருகிறது, நீர் மீண்டும் ஏறி இறங்குகிறது. மொத்தம் 790 மி.லி. மட்டம் உயர்ந்ததால் முனை முன்பைவிட ஆழத்தில் இருக்கிறது, காற்று வெளியேற அதிக அழுத்தம் தேவைப்படும். ஆகவே புதிய பாட்டிலைத் தயாராக வைத்துக்கொண்டு, சில நொடிகளில் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் இருமினால் மட்டும் குமிழி. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. 24 மணி நேரத்தில் 60 மி.லி. மட்டும் வடிந்திருக்கிறது, ஏற்ற இறக்கமும் நின்றுவிட்டது. இந்த முறை நோயாளி அமைதியாக மூச்சுவிடுகிறார், எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்கிறது. முதல் நாள் ஆபத்தைக் காட்டிய அதே அடையாளம் இப்போது குணமானதைக் காட்டுகிறது.

குழாய் பாட்டிலிலிருந்து கழன்றுவிட்டால் அதன் முனையை உடனே கிருமி நீக்கிய நீருக்குள் அமிழ்த்தி, பிறகு புதிதாக இணைக்க வேண்டும். மார்பிலிருந்தே வெளியே வந்துவிட்டால் கையுறை அணிந்த கையால் துளையை மூடி, மருத்துவரை அழைத்து, கட்டுப் போட வேண்டும். அதன்பின் மூச்சுத்திணறல் கூடினால் மூடிய கட்டைத் தளர்த்திக் காற்றுக்கு வழிவிட வேண்டும். அடைபட்டது போலத் தோன்றினாலும் குழாயை வழக்கமாக அழுத்தி உருவுவது சரியல்ல. அது உண்டாக்கும் கடும் உறிஞ்சல் நுரையீரல் திசுவைக் காயப்படுத்தலாம்.

காற்றுக் கசிவு நின்று, வடிவது நாளொன்றுக்குச் சுமார் 200 மி.லி.க்கும் கீழே வந்து, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் குழாய் எடுக்கப்படுகிறது. முன்னதாக வலி மருந்து கொடுக்கப்படும். நோயாளி மூச்சை அடக்கி முக்கும் நேரத்தில் ஒருவர் குழாயை இழுக்க, மற்றவர் தையலை இறுக்கிக் கட்டுவார். பிறகு மீண்டும் எக்ஸ்ரே எடுக்கப்படும். அடுத்த சில மணி நேரம் மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துளையைச் சுற்றித் தோலை அழுத்தினால் நறநறப்பு உண்டா என்ற மூன்றையும் கவனித்துக் குறிக்க வேண்டும்.