கூட்டல் சரியா? ஒன்பதைத் தள்ளிப் பாருங்க!

ட்ரிப் முடிஞ்சு வந்தா ஒரு பஞ்சாயத்து இருக்கும். நாலு பெரிய பில், ஒருத்தர் பேப்பர்ல கூட்டி மொத்தத்தைச் சொல்வார், அதை நம்பி எல்லாரும் பங்கு அனுப்பணும். சரிபார்க்க மறுபடியும் அதே மாதிரி கூட்டினா, முதல்ல தப்பின இடத்துலயே திரும்பவும் தப்ப வாய்ப்பு இருக்கு. வேற வழியில பார்க்கணும்.

பில்கள் 4786, 2359, 1874, 6508. மொத்தம் 15527னு வெச்சுக்கோங்க.

ஒவ்வொரு எண்ணுலயும் இலக்கங்களைக் கூட்டி, ஒத்தை இலக்கம் வர்ற வரைக்கும் சுருக்குங்க. 4786-ல 4+7+8+6 = 25, அது 7. 2359-ல 9 வருதா? அதைக் கணக்குலயே எடுக்காதீங்க, 2+3+5 = 10, அது 1. 1874-ல 1-ம் 8-ம் சேர்ந்தா 9, அதையும் தள்ளிடுங்க. மீதி 7+4 = 11, அது 2. 6508-க்கு 1. இந்த நாலையும் கூட்டினா 11, அதாவது 2. இப்போ விடை: 1+5+5+2+7 = 20, அதுவும் 2. பொருந்துது.

மேலே கொண்டு போக வேண்டிய 2-க்குப் பதிலா ஒரு இடத்துல 1-ஐ மட்டும் கொண்டு போய் 15427னு எழுதியிருந்தா? 1 வரும். மாட்டிக்கிட்டோம்.

ஏன் இப்படி? 10-ஐ ஒன்பதால வகுத்தா மீதி 1. 100, 1000 எல்லாத்துக்கும் அதே 1 தான். அதனால 4000-ல இருந்து மீதி 4, 700-ல இருந்து மீதி 7. இலக்கங்களைக் கூட்டும்போது நாம உண்மையில ஒன்பதால வகுத்த மீதியைத்தான் கண்டுபிடிக்கிறோம். 1202-லயே ஃபிபோனாச்சி தன் 'லிபெர் அபாச்சி' புத்தகத்துல இதைப் பயன்படுத்தியிருக்கார்.

நம்ம மொழியில சொன்னா இது ஒரு செக்சம். பொருந்தலைன்னா தப்பு நிச்சயம். பொருந்தினா சரின்னு உத்தரவாதம் கிடையாது. 9-க்குப் பதிலா 0 எழுதினா தெரியாது. கடைசியில ஒரு 0 கூடுதலா போட்டாலும் தெரியாது. ரொம்ப சகஜமான தப்பு, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுறது. 15527-ஐ 15257னு எழுதினாலும் கூட்டுத்தொகை அதே 20 தானே!

ஆனா இந்த ஓட்டையே கணக்கு எழுதுறவங்களுக்கு ஒரு துப்பு. ரெண்டு பேர் தனித்தனியா கூட்டி, ஒருத்தருக்கு 15527, இன்னொருத்தருக்கு 15257 வந்தா, வித்தியாசம் 270. ஒன்பதால மீதியில்லாம வகுபடுதுன்னா முதல்ல இடமாற்றத்தைத்தான் சந்தேகப்படணும். 270-ங்கிறது 90 × 3. 90 வந்தா பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கலாம். 3-ன்னா அந்த ரெண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 3. இங்கே அது 5-ம் 2-ம். யார் எழுதினது தப்புன்னு தெரிய, அந்த ரெண்டு பத்திகளை மட்டும் மறுபடி கூட்டினா போதும்.