இரண்டடி வாசலுக்குக் கோல அச்சு

மார்கழி பிறப்பதற்கு முன்பே கோலமாவு விற்பவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அதில் அச்சுகளின் படமும் விலையும்தான் இருக்கும். வாங்குபவருக்கு உண்மையில் பயன்படுவது வேறொரு வரி: “நடக்குற இடம் போக வாசல்ல எவ்வளவு மிஞ்சுதுன்னு அளந்து சொல்லுங்க.”

நடைபாதையின் அகலம் நான்கடி என்று கொள்வோம். ஆட்கள் போய்வர இரண்டடி விட்டால், கதவின் முன் மிஞ்சுவது இரண்டடிச் சதுரம், அதாவது 24 அங்குலம். இதில் ஏழு புள்ளிக் கோலம் தாராளமாக அடங்கும். புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் ஏழு புள்ளிக்கு 18 அங்குலம். ஓரப் புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக் கோடு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் எடுத்தாலும் 21-ஐத் தாண்டாது. ஒன்பது புள்ளி வேண்டுமென்றால் இடைவெளியை இரண்டரை அங்குலமாகக் குறைக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் கை பழகாதவர்களின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அச்சு கைகொடுப்பது இங்கேதான்.

அச்சு வாங்கும்போது தட்டின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றிலும் விளிம்பு இருப்பதால் தரையில் விழும் கோலம் தட்டைவிடச் சிறியது. நல்ல விற்பனையாளர் இரண்டு அளவையும் சொல்லிவிடுவார்.

மாவிலும் கவனம் தேவை. கையால் இழுக்கச் சற்றே நறநறப்பான கல்மாவு நல்லது; விரலிடுக்கில் சீராக இறங்கும். துளை அச்சுக்கு அது ஆகாது, நைசாகச் சலித்த மாவே வேண்டும். மாவு ஈரம் கோத்திருந்தால் துளை அடைத்துக்கொண்டு, கோலத்தில் அங்கங்கே இழை விட்டுப்போகும். வெயிலில் காயவைத்துச் சலித்தால் சரியாகிவிடும். மண் வாசலில் தண்ணீர் தெளித்துப் போடும் பழக்கமும் டைல்ஸ் தரையில் அச்சுக்கு ஒத்துவராது. ஈரத்தில் தட்டின் அடியில் மாவு ஒட்டி, தூக்கும்போது கோலமும் கூடவே வந்துவிடும். தரையை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, அச்சை வைத்து, மாவை மெல்லிசாகப் பரப்பி, தட்டை நேர்மேலே எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் இழை கலைந்துவிடும்.

வழவழப்பான டைல்ஸில் உலர்ந்த மாவு காற்றுக்கு நிற்காது. லிஃப்டுக்கு எதிரே, ஜன்னலோரம் என்று காற்று அடிக்கும் வாசல்களுக்கு, ஊறவைத்த பச்சரிசியை அரைத்துத் துணியில் நனைத்து விரலால் இழுக்கும் மாக்கோலமே பொருத்தம். காய்ந்தபின் தரையோடு பிடித்துக்கொள்ளும். அரிசியை நாடி எறும்பு வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தெருவாசலில் அது புண்ணியக் கணக்கு. மூன்றாம் மாடியில் அது நேரே சமையலறைக்குப் போகும். கல்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மறுநாள் அதை உலர்ந்த துடைப்பத்தால் முதலில் கூட்டி அள்ளிவிட வேண்டும். எடுத்தவுடன் ஈரத்துணி போட்டால் மாவு கரைந்து, நடைபாதை முழுக்க வெள்ளையாகப் படியும்.