பதின்மூன்றில் ஒன்பது போனால்

பாட ஆய்வு என்பது, நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிட்டு, அவர்களில் ஒருவர் அதைத் தம் வகுப்பில் நடத்த, மற்றவர்கள் அங்கேயே நின்று குழந்தைகளைக் கவனித்து, பிறகு கூடிப் பேசித் திருத்தும் முறை. ஜப்பானில் இதற்கு ஜுக்யோ கென்க்யூ என்று பெயர். அந்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் இது நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. 1872-இல் தோக்கியோவில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும், அதைப் போன்ற பள்ளிகளோடு இணைந்த மாதிரிப் பள்ளிகளும் புதிய கற்பித்தல் முறைகளைப் பிறர் வந்து பார்க்கும்படி நடத்திக் காட்டின. அந்த வழக்கத்திலிருந்து இது வளர்ந்தது. ஜேம்ஸ் ஸ்டிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் எழுதிய நூல் வழியாக வெளிநாடுகள் இதைப் பரவலாக அறிந்தன.

முறையைப் புரிந்துகொள்ள, முதல் வகுப்புக் கணக்கு ஒன்றையே கடைசிவரை பின்தொடரலாம். ஜப்பானில் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதன் இரண்டாம் பருவத்தில், ஒற்றை இலக்கக் கழித்தல் படித்து முடித்த ஆறேழு வயதுக் குழந்தைகள், பத்தைத் தாண்டிய எண்ணிலிருந்து கழிக்கப் பழகுகிறார்கள். 13-இல் 9 போனால் என்ன மீதி என்பது அந்தப் பாடத்தின் வழக்கமான முதல் கணக்கு. முதல் வகுப்பு ஆசிரியர்கள் இந்தப் பாடவேளையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்வது. பள்ளி முழுவதற்கும் ஓர் ஆய்வுப் பொருள் இருக்கும். ‘குழந்தைகள் தங்கள் வழியைத் தாங்களே விளக்க வேண்டும்’ என்பது போல அது பொதுவாக அமையும். அதற்குக் கீழே குழு தன் கேள்வியைக் கூர்மையாக்குகிறது: விரல்விட்டு எண்ணும் குழந்தை, பத்தை ஒரு கட்டாகப் பார்க்கத் தொடங்குவது எப்போது, எதனால்? கேள்வி இந்த அளவுக்குக் குறுகாவிட்டால், பின்னால் எதைக் கவனிப்பது என்று யாருக்கும் விளங்காது.

அடுத்தது பாடப்பொருளை அலசுவது. ஜப்பானிய ஆசிரியர்கள் இதை கியோசாய் கென்க்யூ என்கிறார்கள். வெளியில் கண்ணுக்குத் தெரிவது பாடம் நடக்கும் 45 நிமிடம்தான். உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முந்தைய பல வாரங்களில் இங்கேதான் செலவாகிறது. குழு பல பதிப்பகங்களின் பாடநூல்களைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கிறது. எந்த எண்ணில் தொடங்குகிறார்கள், எந்தப் படம் போடுகிறார்கள், அடுத்த கணக்கு எது என்று ஒப்பிடுகிறது. கழித்தலில் எந்த இரு எண்களைக் கொடுப்பது என்ற ஒரே கேள்விக்கு ஒரு மாலை முழுவதும் போவது உண்டு. அது வீண்பேச்சே இல்லை.

12-இல் 3 போகட்டும் என்று கொடுத்தால், குழந்தை 12, 11, 10, 9 என்று பின்னோக்கி எண்ணி விடையை அடைந்துவிடும். பத்தைப் பற்றி யோசிக்க அதற்குத் தேவையே எழாது. 12-இல் 6 என்றால் பாதி என்று பல பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். 11-இல் 9 என்றால் வேறொரு சிக்கல் வருகிறது. பத்திலிருந்து ஒன்பதை எடுத்தால் மிஞ்சுவதும் 1, முதலிலேயே பத்துக்கு வெளியே நின்றதும் 1. குழந்தை “இந்த ஒன்று” என்று விளக்கும்போது எந்த ஒன்றைச் சொல்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. 13-இல் 9 இந்த மூன்று சிக்கல்களையும் தவிர்க்கிறது. ஒன்பதை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணுவது அலுப்பூட்டும். ஒன்பது பத்துக்கு அருகில் இருப்பதால் பத்திலிருந்து எடுப்பது எளிது. மிஞ்சிய 1, வெளியே நின்ற 3 இரண்டையும் தனித்தனியே சுட்டிக்காட்டவும் முடியும். 12-இல் 7 போன்ற கணக்கை எடுக்கவும் நியாயம் உண்டு. அதில் வழிகள் கூடுதலாகப் பிரியும், அதனால் விவாதம் வளமாகும். எதை எடுத்தாலும் ஏன் எடுத்தோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு பாடக்குறிப்பு எழுதப்படுகிறது. வழக்கமான பாடக்குறிப்பில் ஆசிரியர் செய்யப்போவது மட்டும் இருக்கும். இதில் அதற்குப் பக்கத்திலேயே குழந்தைகள் சொல்லப்போவது என்ன என்று ஒரு பத்தி ஓடும். ஒரு குழந்தை 13 கட்டைகளை அடுக்கி ஒன்பதை எண்ணி நீக்கும். இன்னொன்று பத்திலிருந்து 9-ஐ எடுத்து, மிஞ்சிய 1-ஐ 3-உடன் சேர்க்கும். வேறொன்று முதலில் 3-ஐ எடுத்துப் பத்துக்கு வந்து, பிறகு 6-ஐ எடுக்கும். ஒன்பதோடு எத்தனை சேர்த்தால் பதின்மூன்று என்று கூட்டிப் பார்ப்பதும் நடக்கும்.

தவறுகளையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். பின்னோக்கி எண்ணும்போது 13-ஐயும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்து, ஒன்பதாவதாகச் சொன்ன எண்ணையே விடையாக்கினால் 5 வரும். மூன்றிலிருந்து ஒன்பது போகாது என்று கண்டு, ஒன்பதிலிருந்து மூன்றைக் கழித்தால் 6 வரும். பத்திலிருந்து ஒன்பதை எடுத்த பிறகு, மிஞ்சிய 1-ஐ மூன்றோடு கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறினால் 2 வரும். ஒவ்வொரு விடையும் வெவ்வேறு குழப்பத்திலிருந்து பிறக்கிறது. 5 என்று சொன்ன குழந்தைக்கும் 2 என்று சொன்ன குழந்தைக்கும் ஒரே விளக்கம் உதவாது. இந்த ஊகங்கள்தான் ஆய்வின் உயிர். முன்கூட்டியே எழுதி வைத்தால்தான், நடந்தது எதிர்பார்த்ததா எதிர்பாராததா என்று பிறகு சொல்ல முடியும்.

ஆய்வுப் பாடம் நடக்கும் நாளில் வகுப்பில் கவனிப்போர் பலர் நிற்பார்கள். அவர்கள் கையில் பாடக்குறிப்பும் குழந்தைகள் உட்காரும் இட வரைபடமும் இருக்கும். அவர்களுக்குள்ள விதி கண்டிப்பானது. குழந்தைக்கு உதவக் கூடாது, தமக்குள் பேசக் கூடாது, ஆசிரியரை மதிப்பிடக் கூடாது. ஆளுக்கு இரண்டு மூன்று குழந்தைகளைத் தேர்ந்து, தொடக்கம் முதல் கடைசிவரை அவர்களின் கையையும் பேச்சையும் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். ‘குழந்தைகள் ஆர்வமாக இருந்தார்கள்’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘11.07: பத்திலிருந்து ஒன்பது கட்டைகளை நகர்த்தினாள். தனியே இருந்த மூன்றைத் தொட்டாள், கையை எடுத்தாள், பக்கத்துப் பையனைப் பார்த்தாள்’ என்ற குறிப்பை வைத்துப் பேசலாம். உதவாமல் நிற்பது ஆசிரியர்களுக்கு மிகவும் கடினம். ஆனால் ஒரு சிறு கைகாட்டல் போதும், அந்தக் குழந்தை தானாக என்ன செய்திருக்கும் என்பது தெரியாமலே போய்விடும்.

இந்தப் பாடம் இப்படி நடந்தது என்று கொள்வோம். ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடந்து பார்க்கிறார். பெரும்பாலான தாள்களில் 4 என்ற சரியான விடை இருக்கிறது. எல்லாம் நன்றாகப் போகிறது என்று எண்ணி, வகுப்பு முழுவதையும் கூட்டிப் பேசத் தொடங்குகிறார். ஒரு சிறுவன் பத்திலிருந்து எடுத்த வழியைப் பலகையில் விளக்குகிறான். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆனால் கவனித்தவர்களின் தாள்களில் வேறு செய்தி இருக்கிறது. பல குழந்தைகள் 13 கட்டைகளையும் ஒரே நீள வரிசையாக அடுக்கி, ஒரு முனையிலிருந்து ஒன்பதை எண்ணி நகர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் மேசையில் பத்து என்ற கட்டு எங்குமே தென்படவில்லை. சிறுவனின் விளக்கத்தை ஆமோதித்தவர்களில் பலர் அதைத் தங்கள் வழியோடு தொடர்புபடுத்தவில்லை. பாடம் நடத்துகிறவர் இதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அதைப் பார்க்கத்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள்.

பாடம் முடிந்த அன்றே கலந்துரையாடல் நடக்கிறது. பாடம் நடத்தியவர் முதலில் பேசுகிறார். எங்கே நினைத்தபடி போகவில்லை என்று அவரே சொல்லிவிட்டால், மற்றவர்கள் குறை கண்டுபிடிப்பதாக ஆகாது. பிறகு திட்டமிட்ட குழுவினரும் கவனித்தவர்களும் தங்கள் குறிப்புகளை முன்வைக்கிறார்கள். பேச்சு ‘நாம் போட்ட பாடம்’ என்று போக வேண்டும். ‘நீங்கள் நடத்திய விதம்’ என்று திரும்பினால் கூட்டம் கெட்டுப்போகும். கடைசியில், வெளியிலிருந்து அழைத்த பாட வல்லுநர் ஒருவர் கருத்துரைக்கிறார். ஒரே பள்ளியில் இருப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவாகத் தெரியாத ஒன்றை அவர்களுக்குள் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதால் இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது.

நம் வகுப்பில் திருத்தம் எங்கே? பத்துக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, அதில் பத்தையும் வெளியே மூன்றையும் வைக்கச் சொல்லலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. அப்படிச் செய்தால் கண்டுபிடிக்க வேண்டியதை ஆசிரியரே கையில் கொடுத்ததாகிவிடும். குழுவின் கேள்விக்கும் விடை கிடைக்காது. மாறாக, கணக்கைத் தொடங்குமுன் ஒரே ஒரு வேண்டுகோளைச் சேர்க்கலாம்: “பார்த்தவுடனே பதின்மூன்று என்று தெரியும்படி கட்டைகளை வையுங்கள்.” நீள வரிசை அதற்கு உதவாது என்பதைக் குழந்தைகளே உணர்வார்கள். பத்தும் மூன்றுமாகப் பிரித்து வைப்பது அவர்களுடைய முடிவாகும். அதோடு, பலகையில் எண்ணி நீக்கிய வழியையும் பத்திலிருந்து எடுத்த வழியையும் அருகருகே வரைந்து, ‘இதில் அந்த 1 எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும் இடமும் குறிப்பில் ஏறுகிறது.

திருத்திய பாடத்தை வேறொரு பிரிவில் வேறோர் ஆசிரியர் நடத்திப் பார்க்கலாம். வெளிநாடுகளில் இந்த மறுநடத்தலையே முறையின் மையமாக எண்ணுவோர் உண்டு. ஜப்பானில் எல்லாரும் அப்படி நடத்துவதில்லை. பிள்ளைகள் வேறு, ஆசிரியர் வேறு என்பதால், இரண்டாம் முறை நன்றாக அமைந்தால் அது திருத்தத்தாலா என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஒரு பாடத்தை மெருகேற்றுவதே குறிக்கோளாகிவிட்டால், மாதக்கணக்கான உழைப்பு 45 நிமிடத்தில் அடங்கிவிடும். நீள வரிசைக்குள் பத்து மறைந்துபோகும் என்று அறிந்த ஆசிரியர் அதை அடுத்த வாரக் கழித்தலிலும் அடுத்த ஆண்டு இரண்டிலக்கக் கணக்கிலும் பயன்படுத்துவார்.

பலன் பற்றிய சான்றுகள் ஒருமுகமாக இல்லை. கணித ஆசிரியர் பயிற்சி பற்றிய 643 ஆய்வுகளை அலசி அமெரிக்காவில் 2014-இல் வந்த அறிக்கையில், கடுமையான அளவுகோலைத் தாண்டியவை 5. அவற்றில் மாணவர் கற்றலில் நல்ல முன்னேற்றம் காட்டியவை 2. அந்த இரண்டில் ஒன்று, பின்னங்களைப் பற்றிய பாட ஆய்வு. இங்கிலாந்தில் 181 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2017-இல் முடிவு வெளியான சோதனையில், கணிதத்திலும் வாசிப்பிலும் மாணவர் மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை. அங்கே ஒப்பீட்டுக்கு வைத்த பள்ளிகள் சிலவற்றிலும் இதைப் போன்ற வேலைகள் நடந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்கச் சோதனையில் ஆசிரியர் குழுக்களுக்குப் பின்னங்கள் பற்றிய கணக்குகளும் ஆய்வுக் குறிப்புகளும் அடங்கிய தொகுப்பு ஒன்று தரப்பட்டிருந்தது. பாடப்பொருளை அலசும் கட்டத்துக்கு அது வலுச் சேர்த்திருக்க வேண்டும். திட்டமிடல் ஒரு மதிய உணவு இடைவேளையில் முடிந்து, பாடம் முன்பே ஒத்திகை பார்க்கப்பட்டு, கலந்துரையாடல் பாராட்டுரையாகிவிட்டால், கூட்டம் நடந்ததற்கான பதிவேடு மட்டும்தான் மிஞ்சும்.

சுழற்சியின் கடைசி வேலை அறிக்கை எழுதுவது. அதில் முதலில் எழுதிய ஊகங்கள், குழந்தைகள் உண்மையில் செய்தவை, பலகையின் படம், திருத்தமும் அதன் காரணமும், இன்னும் விடை தெரியாத கேள்வி ஆகியவை இருக்க வேண்டும். 13-இல் 9 எடுத்த குழுவுக்கு அந்தக் கேள்வி தயாராகவே இருக்கிறது: பத்திலிருந்து எடுக்கப் பழகிய குழந்தைக்கு 12-இல் 3 என்று கொடுத்தால், அது எந்த வழியைத் தேரும்? அடுத்த சுழற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.